கோட்டு கருநீலம், குல்லாவும் மஃப்ளரும் என்ன நிறம்?

கனடாவுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கோட்டு வாங்குவதற்கு நாள் கணக்கில் யோசிப்பார்கள். எத்தனை டிகிரி தாங்கும், உள்ளே வாத்து இறகா பாலியெஸ்டரா, முழங்கால் வரை வருமா என்று ஊரிலிருந்தே விசாரித்து வைத்திருப்பார்கள். கையுறை, குல்லா, மஃப்ளர் விஷயத்தில் அந்தப் பொறுமை இருக்காது. பில் போட வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கூடையில் கிடப்பதில் மூன்றை எடுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்றும் கறுப்பு, இல்லாவிட்டால் மூன்றும் சாம்பல். ஏன் என்று கேட்டால், "கறுப்பு எதுக்கும் சேரும்ல" என்பார்கள். அது பாதிதான் உண்மை.

நான் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். இங்கே நவம்பர் வாக்கில் வெளியே வருகிற கனத்த கோட்டு, மார்ச் முடிகிறவரை அலமாரிக்குத் திரும்பாது. உள்ளே பட்டுச்சேலையே கட்டியிருந்தாலும் தெருவில் பார்க்கிறவர்களுக்குத் தெரிவது அந்த ஒரே கோட்டுதான். இரண்டாவது கோட்டு வாங்குவது பலருக்கு முதல் வருஷத்தில் ஆகிற காரியமில்லை. மாற்றிக்கொள்ள முடிந்தவை இந்த மூன்று சின்னச் சாமான்கள் மட்டும்தான். அதனால் கோட்டை வாங்கிய பிறகு ஒரு மத்தியானத்தை இவற்றுக்காக ஒதுக்குவது வீண் வேலை இல்லை.

மூன்றையும் ஒரே சாமானாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குல்லாவும் மஃப்ளரும் முகத்தைச் சுற்றி இருப்பவை. அவற்றின் நிறம் முதலில் உங்கள் முகத்தோடு ஒத்துப்போக வேண்டும், கோட்டு அதற்கு அடுத்தபடிதான். கையுறையோ முகத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கோட்டுக் கையின் முனையில் இருக்கிறது. அது கோட்டோடும் பையோடும் செருப்போடும் ஒத்துப்போனால் போதும். மூன்றையும் ஒரே நிறத்தில் வாங்கினால் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகும்.

போன குளிர்காலத்தில் என் சித்தி பெண் திருச்சியிலிருந்து படிக்க வந்தாள். ஜனவரியில் வகுப்பு, டிசம்பர் கடைசி வாரத்தில் விமானம். இறங்கிய மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கோட்டு சுலபமாக அமைந்துவிட்டது. முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் கருநீலப் பார்க்கா, மேலே நைலான், உள்ளே வாத்து இறகு. கோட்டைப் போட்டபடியே அவளைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, "இதில் எத்தனை நிறம் இருக்கு சொல்லு" என்றேன். "ஒண்ணுதானே அக்கா, நீலம்" என்றாள்.

ஒன்றில்லை. கோட்டோடு சேர்ந்திருக்கிற தலைமூடியின் விளிம்பில் செயற்கை ரோமம் வைத்துத் தைத்திருந்தார்கள். அது பழுப்பு, நுனியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. ஜிப்பின் பல்லும் பித்தான்களும் மங்கிய பித்தளை நிறம். கைக்குள்ளே மணிக்கட்டைப் பிடிக்கிற பின்னல் பட்டை கறுப்பு. இதை மேட்சிங் பிளவுஸ் எடுக்கிற மாதிரி பார்த்தால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். மயில்கழுத்து நீலச் சேலைக்கு அதே நீலத்தில் பிளவுஸ் தேடி அலைவதைவிட, கரையில் ஓடுகிற அரக்கையோ ஜரிகையின் மஞ்சளையோ பிடித்துக்கொள்வது சுலபம், பார்வையாகவும் இருக்கும். இந்தக் கோட்டுக்குக் கரை அந்தப் பழுப்பு ரோமம். முகத்துக்கு மிக அருகில் வரும் நிறமும் அதுதான். எனவே பழுப்பின் பக்கம் சாய்கிற நிறங்களில் தேடுவது என்று முடிவு செய்தோம். இதே கோட்டில் சாம்பல் ரோமமும் வெள்ளி ஜிப்பும் இருந்திருந்தால் நாங்கள் வேறு பக்கம் போயிருப்போம். ரோமத்தைக் கழற்றி மாட்டுகிற வகை என்றால், அதை மாட்டித்தான் போடப்போகிறீர்களா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எது எவ்வளவு வெளியே தெரியும் என்பது. பார்க்காவில் ஜிப் மோவாய்வரை ஏறும். மஃப்ளரை அதன் உள்ளே சுற்றித்தான் ஜிப்பை மேலே இழுக்க முடியும். வெளியே சுற்றினால் காற்று புகும், முனைகள் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். உள்ளே சுற்றினால் தாடைக்குக் கீழே நான்கு விரல் அகலம்தான் கண்ணில் படும். பெரிய கட்டம், பூவேலை, முனையில் குஞ்சம் எல்லாம் கோட்டுக்குள் போய்விடும். பருமனான மஃப்ளராக இருந்தால் ஜிப்பே ஏறாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது. அதனால் இந்த வகைக் கோட்டுக்கு மெல்லிய மெரினோ கம்பளியில், அந்த நான்கு விரலில் எந்த நிறம் தெரியப்போகிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். கடையில் முழுசாகத் தொங்குகிற மஃப்ளரைப் பார்த்து மயங்கினால் ஏமாற்றம்தான். நீங்கள் சுற்றுவது மாதிரியே இரண்டாக மடித்து, கழுத்தில் போட்டு, ஜிப்பை ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

கம்பளித் துணியில் தைத்த கோட்டு, சட்டைக் காலர் போல் மார்பில் பிரிந்து நிற்பது, என்றால் கதை வேறு. அங்கே நடுவில் ஒரு முக்கோணம் திறந்திருக்கும், மஃப்ளர்தான் அதை நிரப்பும். பெரிய கட்டங்களும் இரண்டு மூன்று நிறங்களும் அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் டொராண்டோவில் மைனஸ் 15க்குப் போகிற ஜனவரி நாட்களில் அந்தக் கோட்டை மட்டும் நம்பிப் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. முதல் வருஷத்துக்குப் பார்க்காவைக் கணக்கில் வைத்தே எழுதுகிறேன்.

எங்களோடு பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர், நிறம் பார்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. சித்தி பெண் ஒரு கருநீலக் குல்லாவை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, "அப்படியே மேட்ச் ஆகுது பாருங்க" என்றாள். அக்கா சிரித்தார்.

"பிள்ளை, உது ரெண்டும் ஒரே நீலமெண்டோ நினைக்கிறீர்? அந்த முன் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோய்ப் பாரும்."

கடையின் முகப்பில் பெரிய கண்ணாடிச் சுவர் இருந்தது. வெளியே மேகம் மூடிய பகல் வெளிச்சம். அங்கே போய்ப் பார்த்தால் கோட்டு கொஞ்சம் பச்சை கலந்த நீலமாக இருந்தது, குல்லா கத்தரிப்பூப் பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது நிஜம். இப்போது பிரிந்து தெரிவதும் நிஜம். நைலான், கம்பளி, அக்ரிலிக் என்று நூலுக்கு நூல் ஏற்றுகிற சாயக் கலவை வேறுபடும். வெவ்வேறு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். நம் ஊரில் பிளவுஸ் துணியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்கிற பழக்கம் இதற்காகத்தான். இங்கே மால்களுக்குள் பகல் வெளிச்சமே வராது, அதனால் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது.

சாயம் ஒத்துப்போனாலும் நூல் ஒத்துப்போக வேண்டும். நைலான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கம்பளி உள்வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரே சாயம் என்றாலும் கம்பளி ஒரு படி கறுத்தே தெரியும். கறுப்பில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஒரு கறுப்பில் நீலம் ஓடும், ஒன்றில் பழுப்பு, ஒன்றில் லேசான பச்சை. தனித்தனியாக எல்லாம் கறுப்புதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புதுசாகவும் மற்றது துவைத்துத் துவைத்து வெளுத்ததாகவும் தோன்றும். "கறுப்பு எதற்கும் சேரும்" என்பது மற்ற நிறங்களோடு சேர்வதைப் பற்றிச் சரி. கறுப்போடு கறுப்பு சேர்வது அவ்வளவு சுலபமில்லை.

அக்காவின் வழி எளிது. கோட்டின் நிறத்திலேயே வேண்டுமென்றால் தெளிவாக இரண்டு படி தள்ளிப் போங்கள். கருநீலத்துக்கு ஆகாய நீலமோ மங்கிய ஜீன்ஸ் நீலமோ. "இது வேண்டுமென்றே வேறுபடுத்தியது" என்று பார்க்கிறவர்களுக்குப் புரிகிற இடைவெளி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒத்துப்போகிற நிறம்தான் மோசம், அது முயன்று தோற்றதாகத் தெரியும். கறுப்புக் கோட்டுக்குக் கறுப்பே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் நெசவை மாற்றிக்கொள்ளலாம். வழவழப்பான கோட்டுக்கு மேலே தடித்த முறுக்குப் பின்னல் குல்லா போட்டால், கண் பின்னலைப் பார்க்கும், நிற வித்தியாசத்தைத் தேடாது.

சரி, முகத்துக்கு வருவோம். மஃப்ளர் பிரிவில் அவளுக்கு முதலில் பிடித்தது மணல் நிறம். இங்கே ஜன்னல் பொம்மைகள் பாதி அந்த நிறத்தைத்தான் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. அதை அவள் தாடைக்குக் கீழே வைத்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பச் சொன்னோம். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை கூடித் தெரிந்தது, உதடு வெளுத்தது. காய்ச்சலில் எழுந்துவந்த மாதிரி இருந்தாள். மாநிறத்துக்குப் பக்கத்தில், அதே ஆழமுள்ள மங்கலான நிறம் வரும்போது இதுதான் நடக்கும். தோலுக்கும் துணிக்கும் இடையில் எல்லை இல்லாமல் போய்விடுகிறது. போதாக்குறைக்கு இந்த ஊர்க் குளிரில் தோல் வறண்டு, சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். முதல் மாதத்தில் நம் முகத்துக்கு எந்த உதவியும் செய்யாத நிறங்கள் மணலும் வெளிர்ச் சாம்பலும் தூசி படிந்த ஊதாவும். சிலருக்கு அவை அழகாக இருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வாதம்.

அப்புறம் செங்கல் நிறம் ஒன்றை வைத்துப் பார்த்தோம். முகம் உடனே தெளிந்தது. அரக்கு, பாட்டில் பச்சை, மயில் நீலம், மஞ்சள்கிழங்கு மஞ்சள் என்று சாயம் நன்றாக ஏறிய நிறங்கள் நம் தோலுக்குப் பக்கத்தில் தைரியமாக நிற்கும். வெள்ளை வேண்டுமென்றால் பளீர் வெள்ளையைவிடப் பாலேட்டு வெள்ளை நல்லது. இவற்றில் எது கோட்டோடு சேரும் என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். கருநீலம் பெருந்தன்மையான நிறம், இந்தப் பட்டியலில் மயில் நீலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்.

இந்தச் சோதனையைப் போனில் செய்யாதீர்கள். போனின் கேமரா வெளிச்சத்தைத் தானே திருத்திவிடும். முன்பக்கக் கேமரா முகத்தையும் சேர்த்து மெருகேற்றிக் காட்டும். சித்தி பெண் அங்கிருந்தே வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். "என்னடி, ஆரஞ்சு கலர்ல எடுத்திருக்கே" என்று சித்தி திருச்சியிலிருந்து கேட்டார். படம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பின்பக்கக் கேமராவில் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் ஓரளவு நம்பலாம்.

கடைசியில் எடுத்த மஃப்ளர் செங்கல் நிறத்தில், கருநீலக் கோடுகளும் இடையிடையே மெல்லிய கடுகு மஞ்சள் கோடும் ஓடுகிற ஒன்று. ஜிப்பை ஏற்றினால் செங்கல் நிறம் மட்டும் நான்கு விரலுக்குத் தெரியும். ரயிலுக்குள் ஏறி ஜிப்பைத் திறந்தால் கோடுகள் வெளியே வரும். இந்த ஊரில் ரயிலுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் ஹீட்டர் கொளுத்தும். ஏறியதும் கோட்டைத் திறந்துவிடுவார்கள், மஃப்ளர் முழுசாகத் தொங்குவது அப்போதுதான்.

குல்லாவுக்கு மஃப்ளரில் ஓடிய அந்த மெல்லிய கோடுகளின் நிறத்தை எடுத்துக்கொண்டோம். கடுகு மஞ்சள், கோடு எதுவும் இல்லாத ஒரே நிறம். "மஞ்சள் குல்லாவா? அம்மா பார்த்தா சிரிப்பாங்க அக்கா" என்று தயங்கினாள். மஃப்ளரில் கோடு ஓடும்போது குல்லா ஒரே நிறமாக இருப்பதே நல்லது, இரண்டிலும் கோடு ஓடினால் பார்வை எதிலும் நிற்காது. ஆனால் மஞ்சளைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது இருட்டிவிட்டிருக்கும். கருநீலக் கோட்டு, கறுப்புப் பேன்ட், நனைந்த கறுப்புச் சாலை. வளைவில் திரும்புகிற கார்க்காரருக்கு உங்களைத் தெரிவது சிரமம். செங்கல் நிறம் இருக்கிறதே என்று கேட்கலாம். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பும் அதன் உறவுகளும்தான் முதலில் இருண்டுபோகும், நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன விஷயம் இது, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அரக்கு மஃப்ளர் கடையில் ஜொலிக்கும், மாலை ஐந்தரைக்குத் தெருவில் கறுப்பாகிவிடும். அதனால் மூன்றில் ஒன்றாவது வெளிர் நிறமாக இருக்கட்டும். உயரத்தில் இருப்பதால் குல்லாதான் அதற்குப் பொருத்தம். வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை தைத்த குல்லாக்களும் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. காற்றடிக்கும்போது தலைமூடி குல்லாவை மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்காக அவள் பையின் பின்பக்கம் ஒரு மின்னும் பட்டை மாட்டிக் கொடுத்தேன்.

குல்லாவில் இன்னொரு விஷயம் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கத்தை நம்மில் பலர் விடுவதில்லை, விட வேண்டியதும் இல்லை, இந்த வறட்சிக்கு அது தேவைதான். பாலேட்டு வெள்ளைக் குல்லாவாக இருந்தால் நெற்றி ஓரத்தில் ஒரு வாரத்தில் பழுப்பு வளையம் விழும், குங்குமமும் ஒட்டிக்கொள்ளும். கடுகு மஞ்சள் இதைக் கொஞ்சம் மறைக்கும். உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் பட்டை வைத்துத் தைத்தது என்றால் கறை வெளியே வராது, கம்பளி நெற்றியை அரிக்கவும் செய்யாது. உச்சியில் பெரிய பஞ்சுக் குண்டு வைத்த குல்லா வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு மேலே தலைமூடியை இழுத்தால் குண்டு இடித்து, தலைமூடி பின்னால் சரிந்துகொண்டே இருக்கும்.

இனி கையுறை. கோட்டுக் கைக்குள் கறுப்புப் பின்னல் பட்டை இருந்ததைச் சொன்னேன் அல்லவா? கையுறையின் விளிம்பு அந்தப் பட்டைக்கு மேலேயும், கோட்டின் வெளிக்கைக்குக் கீழேயும் போக வேண்டும். அப்போதுதான் மணிக்கட்டில் காற்று புகாது. எனவே மணிக்கட்டுப் பகுதி குட்டையாகவும் பருமனாகவும் இருக்கிற கையுறை இந்தக் கோட்டுக்கு ஆகாது. கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை மேலே தூக்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல் நின்று பாருங்கள். அந்த இடத்தில் தோல் தெரிந்தால் அந்தக் கையுறை வேண்டாம், என்ன நிறமாக இருந்தாலும்.

நிறத்துக்கு ரோமத்தின் பழுப்பையே எடுத்தோம், உள்ளே கம்பளி வைத்த பழுப்புத் தோல் கையுறை. அவளுடைய பூட்ஸும் பழுப்பு. ரோமம், கை, கால் என்று மூன்று இடத்தில் ஒரே நிறம் திரும்ப வருவதால், மஞ்சள் குல்லாவும் செங்கல் மஃப்ளரும் தனியாகத் துள்ளாமல் அடங்கி நின்றன. வெளிர் நிறக் கையுறைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. கம்பி, கதவு, காரின் மேல் பனி தட்டுவது என்று எல்லாவற்றையும் தொடுவது கைதான், உள்ளங்கை சீக்கிரமே கறுத்துவிடும். குளிரில் மூக்கு ஒழுகுவதைப் பெருவிரலால் துடைக்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. இந்த விஷயத்தில் கறுப்புத் தோலைவிடப் பழுப்பு நல்லது. சாலையில் தூவுகிற உப்பு பட்டால் கறுப்பில் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். அப்படிப் பட்டுவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒற்றித் துடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆறவிட வேண்டும்.

மைனஸ் 20 நாட்களுக்கு விரல் பிரிந்த கையுறை போதாது. நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டன்தான் சூடு காக்கும். அது ஏதாவது மலிவான கருநிறத்தில் இருந்தால் போதும். அந்தக் குளிரில் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை.

தொலைவது எப்போதும் ஒற்றைக் கைதான். பஸ்ஸின் இருண்ட தரையில் கறுப்புக் கையுறை விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. குழந்தைகளுக்குப் பளீர் நிறத்தில் வாங்கிக் கயிறு கோத்துக் கோட்டுக் கைக்குள் ஓட்டிவிடுவது இதனால்தான். பெரியவர்கள் கயிறு கட்டிக்கொள்ள மாட்டார்கள். மெல்லிய பின்னல் கையுறைகளை ஒரே நிறத்தில் இரண்டு ஜோடியாக வாங்கிவிட்டால் ஒன்று தொலைந்தாலும் மீதி மூன்றில் ஒரு ஜோடி தேறும். டொராண்டோவில் பஸ்ஸிலோ சப்வேயிலோ விட்டது பே ஸ்டேஷனில் இருக்கிற, நகரப் போக்குவரத்து நிறுவனமான டிடிசியின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரலாம். நிறத்தைச் சொல்லிக் கேட்கும்போது "கறுப்பு" என்றால் அங்கே இருப்பவர் பாவம் என்ன செய்வார்?

குல்லா, மஃப்ளர், கையுறை மூன்றும் ஒரே நூலில் பின்னி அட்டைப் பெட்டியில் வைத்து விற்கிற செட்டைப் பற்றியும் கேட்பார்கள். பரிசு கொடுக்க நல்லது. உங்களுக்கு என்றால் வேண்டாம் என்பேன். மூன்றும் ஒரே நிறமாக இருப்பதால் முகத்துக்கும் கைக்கும் ஒரே தீர்ப்பு வந்துவிடுகிறது, ஒன்று தொலைந்தால் மற்ற இரண்டும் அநாதை. டிசம்பர் 26 பாக்சிங் டேயிலிருந்து ஜனவரி முழுக்கத் தள்ளுபடி ஓடும். கறுப்பும் சாம்பலும்தான் முதலில் தீரும். கடுகு மஞ்சளும் செங்கலும் பாட்டில் பச்சையும் கூடையில் மிச்சம் கிடக்கும், நமக்கு வேண்டியதும் அதுதானே. ஒண்டாரியோவில் விலைச்சீட்டில் போட்டிருப்பதற்கு மேல் 13 சதவீதம் வரி வரும் என்பதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கண்ணாடிச் சுவர் இல்லாத கடையென்றால், சீட்டைக் கிழிக்காமல் ரசீதோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை ஜன்னலருகே கோட்டோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காததைத் திருப்பிவிடலாம். ஆனால் கடைசித் தள்ளுபடிச் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், பில் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்குமுன் இன்னும் இரண்டு வேலை. ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் மூலையை லேசாக ஈரப்படுத்தி, மஃப்ளரின் உள்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அது உங்கள் கோட்டின் காலரிலும் ஏறும். மூச்சுக்காற்று படிந்து மஃப்ளர் எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால் இது சாதாரண ஆபத்தில்லை. கருநீலக் கோட்டுக்குக் கவலையில்லை, மணல் நிறக் கோட்டு வைத்திருப்பவர்கள் அடர் சிவப்பும் அடர் நீலமும் வாங்கும்போது கண்டிப்பாகச் செய்ய வேண்டும். இரண்டாவது, மஃப்ளரை உங்கள் கோட்டின் மேல் அழுத்தித் தடவுங்கள். அங்கோரா, மொஹேர் போன்ற புசுபுசு நூல்கள் ரோமம் உதிர்க்கும். வழவழப்பான நைலானில் அது நிற்காது, தட்டினால் போய்விடும். கறுப்புக் கம்பளிக் கோட்டில் வெள்ளை மொஹேர் போட்டீர்களானால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒட்டு ரோலரோடுதான் இருக்க வேண்டும்.

வேறு நிறக் கோட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக்கு முகத்தருகே ஏதாவது ஒரு அடர்ந்த நிறம் தேவை, குல்லா வெளிராகட்டும், கையுறை கறுப்பே இருக்கலாம், தூரத்தில் இருப்பதால் கறுப்பு வித்தியாசம் தெரியாது. மணல் நிறக் கோட்டை முகத்திலிருந்து பிரிக்க அரக்கோ பாட்டில் பச்சையோ மஃப்ளராக வேண்டும், பழுப்புக் கையுறை அதோடு நன்றாக உட்காரும். சாம்பல் கோட்டுக்கு மஞ்சளும் மயில் நீலமும் உயிர் கொடுக்கும். ஆலிவ் பச்சையில் செங்கலும் கடுகும் இரண்டுமே பொருந்தும், கறுப்புக் கையுறைதான் கொஞ்சம் கனமாகத் தெரியும். சிவப்புக் கோட்டு வாங்கிய துணிச்சல்காரர்கள் மற்ற மூன்றையும் அடக்கி வாசிக்கலாம், அதிலும் வேறொரு சிவப்பைப் பக்கத்தில் வைப்பது கறுப்போடு கறுப்பைவிட மோசம்.

துவைப்பதில் ஒன்றுதான் முக்கியம். மெரினோவை வெந்நீரிலும் டிரையரிலும் போட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். வெதுவெதுப்புகூட இல்லாத தண்ணீரில், கம்பளிக்கான திரவ சோப்பில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். செங்கல் நிறத்தையும் கடுகு மஞ்சளையும் முதல் இரண்டு தடவை தனித்தனியாக. ஏப்ரலில் எடுத்து வைக்குமுன் கட்டாயம் துவைத்துவிடுங்கள், எண்ணெயும் வியர்வையும் இருக்கிற கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடிவரும்.